சனிக்கிழமை விழா: பாராட்டு மடலும் பொன்னாடை வரிசையும்

அனைவருக்கும் வணக்கம். கணக்கு சாரின் பணி நிறைவு விழாவுக்கான பாராட்டு மடலைத் திருத்திவிட்டேன். பழைய வரைவில் "அறிவுக் கடல், அன்பின் சிகரம்" என்று எல்லா சாருக்கும் பொருந்துகிற வரிகள்தான் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு இதைச் சேர்த்திருக்கிறேன்:

"2011 தானே புயலில் வகுப்பறைக் கூரை பறந்தபின், வேப்ப மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடத்தினீர்கள்."

வாசிக்க இரண்டு நிமிடம் ஆகிறது, அதற்கு மேல் வேண்டாம். பெயர், தலைப்பெழுத்து, பணியில் சேர்ந்த ஆண்டு மூன்றையும் சாரின் துணைவியாரிடம் காட்டிவிட்டுத்தான் சட்டம் போடக் கொடுக்க வேண்டும். கண்ணாடி போட்டபின் திருத்த முடியாது.

இப்போது வரிசை. போன முறை நினைவுப் பரிசை முதலில் கொடுத்துவிட்டோம். இரண்டு கையிலும் கேடயம், தோளில் போட்ட பொன்னாடை நழுவி மைக் வயரில் விழுந்தது. அதனால் இந்த முறை சார் அமர்ந்திருக்கும்போதே மடலை வாசித்துவிடலாம். அப்புறம் எழுந்ததும் தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்துவார். சாரின் துணைவியாருக்கு நம் ஆசிரியை ஒருவர் போர்த்துவார். அதன்பின் மடலைக் கொடுக்கலாம்; படம் எடுத்ததும் அதை வாங்கி மேசையில் வைக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். நினைவுப் பரிசு கடைசியில்தான்.

தனியாகச் சால்வை கொண்டு வருகிறவர்கள் ஏற்புரை முடிந்ததும் வாருங்கள். மஞ்சக்குப்பம் வெயிலில் பத்துச் சால்வை தாங்காது. கதர்த்துண்டு என்றால் சார் பிறகு பயன்படுத்துவார். பெயரை நாளை இரவுக்குள் இங்கே போடுங்கள்.