சேலை ஷேப்வேர் விக்கிறவங்களுக்கு: ஒரு சைஸ் கம்மியா எடுக்கச் சொல்லாதீங்க

ஜவுளிக்கடை இன்னர்வேர் செக்‌ஷன்ல நிக்கிற அக்காங்களுக்கும் கடை ஓனர்களுக்கும் வணக்கம்.

பாவாடைக்கு பதிலா சேலைக்குள்ள போடுற ஷேப்வேர் இப்போ சின்ன ஊர் கடைலயும் கிடைக்குது, நல்ல விஷயம்தான், ஜார்ஜெட், ஷிஃபான் எல்லாம் உப்பாம உடம்போட அழகா விழுது. ஆனா வாங்க வர்றவங்ககிட்ட "ஒரு சைஸ் கம்மியா எடுங்க, ஸ்லிம்மா தெரியும்"னு சொல்றீங்க பாருங்க, அதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. சேலைக்குள்ள அது நேர் எதிரா வேலை செய்யும்.

என் சித்தி பொண்ணுக்கு நடந்ததையே சொல்றேன். அவளுக்கு இடுப்பு 31 இன்ச், ஹிப் 41 இன்ச். கடைல டேப் எடுக்கவே இல்ல, ஜீன்ஸ் சைஸ் மட்டும் கேட்டுட்டு, உங்களுக்கு M வரும், ஆனா S போட்டா தான் சிக்குனு இருக்கும்னு குடுத்துட்டாங்க. அந்த பெட்டில போட்டிருந்த அளவு என்னன்னா S-க்கு ஹிப் 36-38, M-க்கு இடுப்பு 30-32, ஹிப் 38-40, L-க்கு இடுப்பு 32-34, ஹிப் 40-42. அதாவது இடுப்பை பாத்தா அவ M, ஹிப்பை பாத்தா L, கைல கிடைச்சது S.

ரிசப்ஷன்ல அரை மணி நேரம் உக்காந்து எழுந்ததும் மேல் பட்டை சுருண்டு கயிறு மாதிரி தொப்புளுக்கு கீழ இறங்கிடுச்சு. ஏன்னா இந்த துணி நைலான்ல ஸ்பான்டெக்ஸ் கலந்த நிட், அகலவாக்குல ரொம்ப இழுத்தா நீளம் குறையும், ஹிப்புக்கு பத்தாத துணி குறுக்க இழுபட இழுபட மேல இருந்து கீழயும் கீழ இருந்து மேலயும் ஏறி இறங்கத்தான் செய்யும். சேலையை சொருகினதே அந்த பட்டைலதான், அதனால கொசுவமும் சேர்ந்து சரிஞ்சுது, ராத்திரி முழுக்க ஒரு கையால பிடிச்சுக்கிட்டே நின்னா.

இன்னொன்னு, சதை அமுக்கினா கரைஞ்சு போகாது, இடம்தான் மாறும். டிரெஸ்ஸுக்குள்ள போடுற ஷேப்வேர் பலதும் மார்பு வரைக்கும் ஏறி வரும், அதுல அமுக்கின சதை ஓரளவு பரவி உள்ளயே மறையும். சேலை ஷேப்வேர் இடுப்போட நின்னுடும், பிளவுஸுக்கும் கொசுவத்துக்கும் நடுவுல வயிறும் பக்கமும் வெளிய தெரியுற இடம்தானே, பிதுங்குற சதை சரியா அங்கதான் வந்து மடிப்பா நிக்கும். அவளுக்கு சாதா பாவாடை கட்டினப்போ இல்லாத மடிப்பு போட்டோல தெரிஞ்சுது. பின்னாடி இழுபட்ட துணி மெலிசாகி உள்ள போட்டிருந்ததோட கோடு வேற தெரிஞ்சுது.

அதனால டேப் எடுங்க. மெல்லிசான துணி மேல, வயித்தை எக்காம, மூச்சை சாதாரணமா விட்டு நிக்கச் சொல்லி, சேலை கட்டுற இடத்துல ஒரு அளவு, பின்பக்கம் நல்லா எடுப்பா இருக்குற இடத்துல சுத்தி ஒரு அளவு, டேப் முன்னாடி பின்னாடி ஒரே உயரத்துல இருக்கணும். ரெண்டும் வேற வேற சைஸ்ல வந்தா பெரிய சைஸை குடுங்க. நாடா வச்ச மாடல்னா இடுப்பு கொஞ்சம் லூசா இருந்தாலும் நாடாவை இழுத்து சரி பண்ணிக்கலாம், ஹிப் பத்தலன்னா எதுவும் பண்ண முடியாது. சொருகுற சேலையும் கொசுவமும் பட்டைக்குள்ளதான் போகுது, அந்த தடிமனுக்கும் இடம் வேணும், அதை யாரும் யோசிக்கிறதே இல்ல.

சரியா இருக்கான்னு வீட்ல எப்படி பாக்குறதுன்னும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க: போட்டு பத்து நிமிஷம் உக்காரணும், மாடிப்படி ஏறணும், பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், நல்லா மூச்சு இழுக்க முடியணும். பட்டை சுருண்டாலோ, ஸ்லிட் இருந்தும் கால் எட்டி வைக்க முடியலன்னாலோ அது சின்னது. தொடை வெளிப்பக்கம் மரத்துப்போனா, நெஞ்செரிச்சல் வந்தா உடனே கழட்டிடணும், அது பழகினா சரியாயிடும்னு சொல்லாதீங்க.

அவளுக்கு அப்புறம் L-ல நாடா வச்சதை வாங்கினோம். அதே சேலைதான், பக்கத்துல மடிப்பு இல்லாம நேரா விழுந்துது, சாப்பாட்டு பந்தில நிம்மதியா உக்காந்து சாப்பிட்டா.

ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னர்வேர்னு சொல்லி டிரையல் கிடையாது, மாத்தியும் தர்றதில்ல, சுத்தத்துக்காகன்னு புரியுது. அப்படின்னா பில் போடுறதுக்கு முன்னாடி அளக்குற பொறுப்பு உங்களோடது, கவுன்டர்ல ஒரு டேப்பும், ஹிப் அளவோட தமிழ்ல ஒரு சார்ட்டும் மாட்டுங்க, "ஃப்ரீ சைஸ்"னு மட்டும் போட்ட பெட்டியை ஸ்டாக் எடுக்காதீங்க.