வாசலுக்கு 400 ரூபாய் போதும்: எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடியில் எங்கள் தெருவின் பொங்கல் கோலப்போட்டிக் குழுவினருக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், பெரிய வீடுகளின் பின்கட்டில் என்னைப்போல் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வணக்கம்.

குழுவின் சுற்றறிக்கை வந்தது. ஜனவரி 17, காணும் பொங்கலன்று காலை 5 மணிக்குப் போட்டி, தெருவின் இரு முனைகளையும் அடைத்துவிடுவது, வீட்டுக்கு 1,000 ரூபாய் வரி, போதாததற்குச் சென்ற ஆண்டைப் போல ஒரு கடையின் விளம்பரம் என்று அதில் இருக்கிறது. போட்டி நடக்க வேண்டும் என்பதில் எனக்கு உங்கள் எல்லோரையும்விட ஆசை அதிகம். ஆனால் இந்த நான்கையும் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள். ஜனவரி 17 தை மூன்றாம் நாள். அன்று சிராவயலில் மஞ்சுவிரட்டு. சுற்று வட்டாரக் காவலர்களில் பெரும்பகுதியினர் அங்கே போய்விடுவார்கள். நம் தெருமுனையில் நிற்க ஒருவரை அனுப்புங்கள் என்று அன்றைக்குக் கேட்பதில் பொருளில்லை. ஊருக்கு வந்தவர்களில் பாதிப்பேரும் அங்கேதான் இருப்பார்கள். 16-ஆம் தேதி மாட்டுப் பொங்கலன்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்கள் அன்று வீட்டில் இருப்பார்கள். நம் தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் இரண்டே வீட்டுக்காரர்கள். அவர்கள் பூசை நேரத்தைக் கேட்டுக்கொண்டால் போதும்.

அடுத்தது நேரம். விடியற்காலைக் கோலம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. தைப் பனியில் தார்ச்சாலை விடியும்வரை நசநசவென்று இருக்கும். அதில் விழுந்த மாவு இழையாக நிற்காமல் கட்டிகட்டியாகத் திரளும். பிற்பகல் 3 மணிக்குத் தொடங்குவோம். நம் வீடுகளின் முகப்பு கிழக்கு நோக்கியது. மூன்று மணிக்கெல்லாம் அந்த உயரமான சுவர்களின் நிழல் வாசல் ஓரத்தில் விழுந்துவிடும். இரண்டு மணி நேரம் கோலம், ஒரு மணி நேரம் தீர்ப்பும் பரிசும். இருட்டுவதற்குள் முடிந்துவிடுவதால் விளக்குச் செலவும் இல்லை. தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடும் வேலையும் இல்லை. மைக்குக்கு மட்டும் ஒரு வீட்டு மீட்டரிலிருந்து, அந்த வீட்டார் சம்மதத்தோடு, இணைப்பு எடுத்தால் போதும்.

தெருவை முழுவதும் அடைப்பது தேவையே இல்லை. செட்டிநாட்டுத் தெருவின் அமைப்பைக் குழு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு பக்கம்தான் முகப்புகள். எதிர்ப்பக்கம் முழுவதும் அடுத்த தெருவில் வாசல் உள்ள வீடுகளின் பின்கதவுகள். கோலத்தை முகப்புப் பக்கத்தில் மட்டும், சாக்கடையை ஒட்டிய ஒரே வரிசையாகப் போட்டால், 24 அடிச் சாலையில் 6 அடிக் கட்டம் போக, பார்ப்பவர்கள் நிற்க 5 அடி விட்டாலும் பின்கதவுப் பக்கம் 13 அடி மிஞ்சும். ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகும். தீயணைப்பு வண்டியும் நுழையும். நம் தெருவில் டயாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். கயிறு கட்டி அந்தப் பாதையைப் பிரித்துவிட்டு, இரு முனைகளிலும் நம் ஆட்கள் இருவர் நின்று கார்களை அடுத்த தெருவுக்குத் திருப்பினால் போதும்.

இதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ‘கோலப்போட்டி நடத்த அனுமதி வேண்டும்’ என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால், படிப்பவருக்கு எதற்கு அனுமதி தருகிறோம் என்றே புரியாது. எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் வருவார்கள், எந்தப் பக்கம் பாதை திறந்திருக்கும், மாற்றுவழி எது, பெட்டி ஒலிபெருக்கி எத்தனை, பொறுப்பாளர்கள் இருவரின் கைப்பேசி எண் என்ன என்று எழுதி, கையால் வரைந்த ஒரு படத்தையும் இணையுங்கள். சாலை மாநகராட்சியுடையது, ஆகவே ஆணையருக்கு ஒன்று. போக்குவரத்தும் ஒலிபெருக்கியும் காவல் துறையின் பொறுப்பு. ஆகவே நம் எல்லைக் காவல் ஆய்வாளருக்கு ஒன்று. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பழைய அச்சுத்தாளில் ‘நகராட்சி ஆணையர்’ என்றே இருக்கிறது, அதைத் திருத்திவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்து, ஒன்றில் மற்றொன்றின் நகலை வைத்து, இரண்டுக்கும் முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை வாங்கிக்கொண்டுதான் மற்றதைக் கொடுப்பது என்று இறங்கினால், ‘அவர்கள் சான்று எங்கே’ என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருப்போம். 15, 16, 17 மூன்று நாளும் அரசு விடுமுறை. கடைசி நேரத்தில் கேட்க அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். எனவே ஜனவரி 2-க்குள் விண்ணப்பம் போய், 13-க்குள் அனுமதி கையில் இருக்க வேண்டும்.

இனிப் பணம். மனஸ்தாபம் வருவதெல்லாம் இதில்தான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் விசாரித்த விலைப்படி மொத்தச் செலவு 20,000 ரூபாய். தண்ணீர் வண்டியும், முன்னும் பின்னும் பெருக்க இரண்டு பேர் கூலியும் 2,400. மைக் செட் 3,500. கயிறு, சுண்ணாம்பு, அச்சு எல்லாம் சேர்த்து 1,000. எதிர்பாராததற்கு 1,500. ஆக 8,400. இது தெருவுக்கான செலவு. கோலமாவும் காவியும் 1,500, தேநீரும் சுண்டலும் 2,800. இந்த 4,300 அன்று கூடுகிற மனிதர்களுக்கான செலவு. பரிசு 7,300. மூன்றும் மூன்று வகை. இவற்றை ஒன்றாகக் கலந்து வீட்டுக்கு 1,000 என்று வகுத்ததுதான் சிக்கலே.

நம் தெருவில் 22 வாசல்கள். அவற்றில் 9 பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீட்டுக்காரரிடம் சுண்டலுக்குப் பணம் கேட்டால் அவர் ஏன் தருவார்? ஆனால் தன் வாசல் கழுவப்படுவதற்குத் தருவார். அதேபோல் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் உரிமையாளரோடு ஐந்து வாடகைக் குடும்பங்கள். இரண்டுக்கும் ஒரே வரி என்றால் இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டார் முணுமுணுப்பார்கள். வாடகைக்காரர்களோ பணமே கேட்கப்படாமல், கூடவே பேச உரிமையும் இல்லாமல் ஓரமாக நிற்பார்கள். சென்ற ஆண்டு நாங்கள் அப்படித்தான் நின்றோம்.

ஆகவே தெருச் செலவை வாசல் கணக்கில் வாங்குவோம். 22 வாசலுக்கு 400 வீதம் 8,800 வரும். நான்கு வாசல்கள் தராமல் போனாலும் 7,200 இருக்கும். எதிர்பாராததற்கு வைத்ததை நீக்கினால் தேவை 6,900-தான், ஆகவே போட்டி நிற்காது. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு என்றால், எட்டுப் புள்ளி, அதாவது எட்டுக் குடும்பம், இருந்தால் புள்ளிக்கு 50 ரூபாய். கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யாராவது ஒரு பங்காளி பொறுப்பேற்று வாங்கி அனுப்பினால் போதும். மாவும் தேநீரும் அடுப்புக் கணக்கு. சொந்த வீடோ வாடகையோ, தெருவில் எரியும் அடுப்பு 43. அடுப்புக்கு 100 ரூபாய். கோலம் போட நுழைவுக் கட்டணம் வேண்டாம்.

பரிசை உபயமாகக் கேட்போம், பொருளாக மட்டும். மூன்று பரிசுகளும், கோலம் போடும் மற்ற 27 பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் சம்படமும். யார் உபயம் என்று மைக்கில் ஒருமுறை வாசித்தால் போதும். சென்ற ஆண்டு 10,000 ரூபாய் கொடுத்த கடை தெருமுனையில் வளைவு வைத்தது. அதற்குத் தோண்டிய குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கி, பிறகு நாம்தான் மண் போட்டோம். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் சேதாரம் எத்தனை சதவீதம் என்று மைக்கில் கேட்டுக்கொண்டே பெண்கள் புள்ளி வைத்தார்கள். முதல் பரிசு யாருக்கு என்பதையும் அந்தக் கடையிலிருந்து வந்தவரே சொன்னார். சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி இழைக்குள் அடங்காமல் வெளியே நின்றதை அவர் பார்க்கவில்லை. சுற்றி நின்ற ஆச்சிமார் அத்தனை பேரும் பார்த்தார்கள். நடுவராக வேறு தெருவிலிருந்து கோலம் போடத் தெரிந்த இரண்டு பேரை அழையுங்கள்.

கட்டங்களையும் சீட்டுக் குலுக்கியே கொடுங்கள். அவரவர் வாசலில் அவரவர் என்றால், பூட்டிய ஒன்பது வாசல்கள் வெறுமையாக இருக்கும். வாடகைக்காரர்களுக்கு வாசலே இருக்காது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலில் புள்ளிக்கு ஒரு பானை வைத்து, முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டில் பார்க்கும் ஊர்க்காரர்கள் நாம். இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. 6 அடிக் கட்டம், இடையில் 3 அடி. 30 கட்டங்களுக்கு 270 அடி போதும். வெள்ளையும் காவியும் மட்டும். மாவு நாமே கொடுப்போம். வண்ணப் பொடிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவருக்கும் கையில் இழை உள்ளவருக்கும் நடுவே போட்டி என்று ஆகிவிடக் கூடாது. தண்ணீரை ஒரு மணிக்கே தெளித்துவிடுங்கள். உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. மாவு பிடிப்பதற்குச் சரியான பதம் அதுதான்.

வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களிடம் 400 ரூபாய்க்கு மேல் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் காவல்காரரிடம் சொல்லி அன்று பிற்பகல் முன்பக்க இரும்புக் கதவைத் திறந்து, முகப்புத் திண்ணையை மட்டும் கொடுங்கள். அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் தோய்த்து, விரல் வழியே இழைக்கும் மாக்கோலம் தாரில் பிடிக்காது. வழவழப்பான தரை வேண்டும். நடுவீட்டுக் கோலம் போடத் தெரிந்த வயதானவர்கள் சிலர் தெருவில் இருக்கிறார்கள். தரையில் குந்தி ஆறடிக் கட்டம் போட அவர்களால் முடியாது, திண்ணையில் உட்கார்ந்து போடுவார்கள். அதைப் போட்டியில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ளலாம். ஆத்தங்குடிக் கல்லுக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டாம். மாக்கோலம் ஈரத்துணியில் போய்விடும். கறை பிடிப்பது சாயப்பொடியும் காவியும்தான். அவை இரண்டும் வாசற்படியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இந்த ஞாயிறு மாலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் குழு கூடுகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்திட இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். ஒருவர் உரிமையாளர், ஒருவர் வாடகைக்காரர். இரண்டாவது கையெழுத்தை நான் போடுகிறேன். பணம் வாங்குபவர் வேறு, கணக்கு எழுதுபவர் வேறு என்று இருக்கட்டும். ரசீது இல்லாமல் யாரும் பணம் தர வேண்டாம். வரவு செலவுத் தாள் 18-ஆம் தேதி காலை அதே கோயில் சுவரில் ஒட்டப்படும். மீதி இருந்தால் வெளியூர் வாசல்களுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கப்படும்.

இப்படிக்கு,
பின்கட்டில் குடியிருப்பவள்