96 என்ற எண்ணை வைத்துப் படத்தை நீக்காதீர்கள்: கடலூர் புகைப்படப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் புகைப்படங்களை அச்சிட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் போட்டிக்கு வரும் படங்களில் கொஞ்சம் என் கடை வழியாகத்தான் போகின்றன. அப்படிப் போன படம் ஒன்றை "செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது, 96 சதவீதம்" என்று ஓர் இணையக் கருவி சொன்னதாகக் காரணம் காட்டி நீக்கியிருக்கிறீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மார்கழி விடியலில் கரைவலை இழுப்பவர்களை ஒரு கல்லூரி மாணவி எடுத்த படம் அது. அவருக்காகப் பரிந்து பேசுவது மட்டும் என் நோக்கமாக இருந்தால் நேரில் வந்து பேசியிருப்பேன். இதே விதியை அடுத்த ஆண்டும் வைத்திருக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த 96 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இத்தகைய கருவியைப் பழக்குபவர்கள் கேமராவில் எடுத்த படங்கள் ஒரு குவியல், இயந்திரம் உருவாக்கிய படங்கள் ஒரு குவியல் என்று பெரும்பாலும் சரிபாதியாக அதற்குக் காட்டுகிறார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவாக இருந்தாலும் அது பிடித்துக்கொள்கிறது. புதிய படம் ஒன்றைக் கொடுத்தால் எந்தக் குவியலின் பக்கம் சாய்கிறது என்பதற்கு உள்ளே ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் அடங்கும்படி ஒரு சூத்திரம் சுருக்குகிறது. அதை நூறால் பெருக்கிச் சதவீதக் குறி போட்டுத் திரையில் காட்டுகிறார்கள். இதே படத்தைப் போன்ற நூறு படங்களில் 96 போலி என்று யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல அது. பழக்கும்போது, சரியான விடையையே தயக்கத்தோடு சொன்னாலும் கருவிக்குத் தண்டனைப் புள்ளி உண்டு. ஆகவே அது தயங்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. இத்தகைய கருவிகளுக்குள் இயங்கும் இன்றைய நரம்பு வலையமைப்புகள் தங்கள் சரித்தன்மையைவிட அதிகமான உறுதியைக் காட்டுகின்றன என்பதை ஆய்வாளர்கள் 2017-லேயே அளந்து காட்டினார்கள். தனக்கு அறிமுகமே இல்லாத வகைப் படம் வந்தாலும் "தெரியவில்லை" என்று சொல்ல அதற்கு வழி இல்லை. ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும்.

எந்த அடையாளத்தை அது பிடித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. நல்ல மீன் எல்லாம் ஓலைக்கூடையிலும் கெட்ட மீன் எல்லாம் தெர்மாகோல் பெட்டியிலும் வைத்து ஒருவனுக்குப் பாடம் நடத்தினால், துறைமுகத்துக்குப் போனதும் அவன் செவுளைத் தூக்கிப் பார்க்கமாட்டான், கூடையைத்தான் பார்ப்பான். படங்களில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஜென்இமேஜ் என்று ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் படத் தொகுப்பில் கேமராப் படங்கள் ஜேபெக் வடிவத்திலும், இயந்திரப் படங்கள் தரம் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி வடிவத்திலும் இருந்தன. அதில் பழகிய கருவிகள் ஓரளவுக்கு ஜேபெக் சுருக்கத்தின் தடயத்தையும் படத்தின் அளவையுமே கற்றுக்கொண்டிருந்தன என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. தங்கள் கருவி இத்தனை சதவீதம் துல்லியம் என்று நிறுவனங்கள் சொல்லும் எண்ணும் பெரும்பாலும் பழக்கிய படங்களைப் போன்றவற்றிலேயே சோதித்து எடுத்தது. தேவனாம்பட்டினத்து மூடுபனியும் வாட்ஸ்அப் சுருக்கமும் அந்தச் சோதனையில் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது அந்த மாணவியின் படத்துக்கு வருகிறேன். சூரியன் எழுவதற்கு முன்பு, மிகக் குறைந்த வெளிச்சத்தில், கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை உயர்த்தி வைத்து எடுத்த படம். அந்த நிலையில் எந்தக் கேமராவிலும் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் விழும். ஏ3 அளவில் அச்சிடவேண்டும் என்பதால், இரைச்சலை நீக்கும் மென்பொருளில் அதைச் சுத்தம் செய்தோம். பிறகு பெரிதாக்கினோம். கடைசியில், உங்கள் அறிவிப்பில் கேட்டிருந்தபடி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நீங்கள் பயன்படுத்திய அதே கருவியில் ஒவ்வொரு நிலையிலும் இருந்த கோப்பைப் போட்டுப் பார்த்தேன். கேமராவிலிருந்து நேரடியாக வந்த கோப்புக்கு 4 என்றது. இரைச்சல் நீக்கியதும் 71. பெரிதாக்கி, வாட்ஸ்அப் வழியே போய் வந்த கோப்புக்கு 96. வலை இழுப்பவர்கள், கயிறு, அலை, பனி எதுவும் இந்த மூன்றுக்கும் இடையில் மாறவில்லை.

இங்கே கருவியை முழுமையாகக் குறை சொல்லவும் முடியாது. இரைச்சலை நீக்க நாங்கள் பயன்படுத்திய மென்பொருளும் ஒரு நரம்பு வலையமைப்புதான். சென்சார் பதிவு செய்த புள்ளிகளை அழித்துவிட்டு, அங்கே என்ன இருந்திருக்கும் என்று தான் கணித்ததை நிரப்புகிறது. அந்த இயந்திரத் தடயத்தைக் கருவி பார்த்திருக்கிறது, பார்த்ததைச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வி வேறு. இந்தக் காட்சி நடந்ததா, இவர் எடுத்தாரா என்பதே நீங்கள் அறியவேண்டியது. அதற்கு அந்த எண் விடை அல்ல. கைபேசியின் இரவுப் பயன்முறையும் இதே வகைதான்: பல படங்களை அடுக்கிச் சேர்த்து, சுத்தப்படுத்தித் தருகிறது. கைபேசிப் படங்களை அனுமதித்துவிட்டு இந்த எண்ணைக் கொண்டு வடிகட்டினால், இருட்டில் எடுத்தவர்கள் பலரும் மாட்டக்கூடும்.

அடுத்தது கணக்கு. கருவி நல்ல கருவியே என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு போலிகளில் 90-ஐப் பிடிக்கிறது, நூறு நிஜப் படங்களில் 5-ஐ மட்டும் தவறாகப் போலி என்கிறது. உங்களுக்கு 400 படங்கள் வந்து, அவற்றில் 20 போலி என்றும் வைத்துக்கொள்வோம். இவை புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். 20 போலிகளில் 18 பிடிபடும். மீதமுள்ள 380 நிஜப் படங்களில் 5 சதவீதம், அதாவது 19 படங்கள், தவறாகப் பிடிபடும். மொத்தம் 37 படங்களை நீக்குவீர்கள். அவற்றில் பாதிக்கு மேல் நேர்மையாக எடுத்தவை. கருவி சரிபாதிக் குவியலில் பழகியது, நம் ஊர்ப் போட்டியில் போலி சரிபாதி இல்லை. இந்த வேறுபாட்டைத் திரையில் தெரியும் சதவீதம் கணக்கில் கொள்வதே இல்லை. உங்கள் போட்டியில் ஏமாற்றுபவர்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவு அதிகமாக அந்தப் பட்டியலில் அப்பாவிகள் இருப்பார்கள்.

இரண்டாவது கருவியிலும் சோதித்தோம், அதுவும் அப்படியே சொன்னது என்று உங்கள் பதிலில் எழுதியிருந்தீர்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான படங்களில் பழகிய இரண்டு கருவிகள் ஒரே இடத்தில் சறுக்குவது இயல்பு. அதை இரண்டு சாட்சிகள் என்று எண்ணக்கூடாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த மதிப்பெண் வாங்கிய படங்களை நீங்கள் எதுவும் கேட்காமல் ஏற்றிருக்கிறீர்கள். கருவி பழகிய பிறகு வந்த புதிய இயந்திரம் ஒன்றில் செய்த படம் எளிதாகத் தப்பிவிடும். பழைய இயந்திரத்தின் படத்தைக்கூடத் திரைப்பிடிப்பு எடுத்து, சிறிதாக்கி, கொஞ்சம் இரைச்சல் தூவினால் மதிப்பெண் இறங்கக்கூடும். ஏமாற்ற நினைப்பவர் கருவியில் போட்டுப் பார்த்து, எண் குறையும்வரை திருத்திவிட்டுத்தான் அனுப்புவார். நேர்மையானவருக்கு அப்படிச் செய்யத் தோன்றாது. ஆக, உங்கள் விதி அதிகம் பிடிப்பது நேர்மையானவர்களைத்தான்.

கருவி வேண்டாம், நாங்களே கண்ணால் பார்த்துச் சொல்கிறோம் என்று முடிவெடுத்தாலும் பயனில்லை. 2023-இல் போரிஸ் எல்டாக்சன் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற பிறகு, அது இயந்திரத்தில் உருவாக்கிய படம் என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். 2024-இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே, தலை மறைந்திருக்கும் ஒரு பூநாரையின் நிஜப் புகைப்படத்தை வேறொரு போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் அனுப்பிப் பரிசு வாங்கிக் காட்டினார். இரண்டு திசையிலும் அனுபவமுள்ள நடுவர்கள் ஏமாந்தார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? மதிப்பெண்ணை "இவரிடம் மூலத்தைக் கேள்" என்ற குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சுற்றுக்கு வரும் எல்லோரிடமும், மதிப்பெண் எதுவாக இருந்தாலும், இதையே கேளுங்கள்: சென்சார் பதிந்ததை அப்படியே வைத்துக் கேமரா எழுதிய ரா கோப்பு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். ஒரு நல்ல படத்துக்காக யாரும் ஒரே முறை பொத்தானை அழுத்துவதில்லை. கரைவலைப் படத்துக்கு முன்னால் ஓர் ஆள் குறுக்கே வந்த படமும், குலுங்கிப்போன படமும் இருக்கும். வலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறுவது அந்த வரிசையில் தெரியும். ஒரு படத்தை இயந்திரத்தில் செய்வது எளிது. ஒன்றோடொன்று பொருந்தும் ரா கோப்புகளின் வரிசையைச் செய்வது மிகக் கடினம். கோப்பில் பதிந்திருக்கும் தேதியையும் கேமராப் பெயரையும் மட்டும் நம்பாதீர்கள், அவற்றை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கைபேசியில் எடுத்தவர்களிடம் பெரும்பாலும் ரா கோப்பு இருக்காது. அவர்களிடம் கைபேசியில் இருக்கும் மூலக் கோப்பையும் அதே சில நிமிடங்களில் எடுத்த மற்றவற்றையும் நேரில் காட்டச் சொல்லலாம். வரிசை இல்லை என்றால் அதுவே குற்றம் ஆகிவிடாது, இடம் கொள்ளாமல் அழித்திருப்பார்கள். அப்போது எங்கே நின்று எடுத்தார், எந்த லென்ஸ், பிறகு என்ன திருத்தினார் என்று பேசிப் பாருங்கள்.

சில இயந்திரங்கள் தாம் உருவாக்கும் படத்திலேயே அது எப்படி உருவானது என்று சொல்லும் தோற்றச் சான்றையோ கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறியையோ பதிக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் அது எந்த மதிப்பெண்ணையும்விட வலுவான ஆதாரம். அப்போதும், முழுப் படமும் இயந்திரத்தில் உருவானதா, ஒரு மூலையில் மட்டும் திருத்தம் நடந்ததா என்று பார்க்கவேண்டும். கிடைக்காததற்குப் பொருள் எதுவும் இல்லை, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்புடன் வரும் தகவல்கள் போய்விடுகின்றன. ஆகவே விண்ணப்ப முறையையும் மாற்றுங்கள்: மின்னஞ்சலில் கேளுங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலேயே ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். இரைச்சல் நீக்குவது, பெரிதாக்குவது, இல்லாததைச் சேர்ப்பது ஆகியவற்றில் எவை அனுமதி, எவை இல்லை என்று விதியில் தனித்தனியாக எழுதுங்கள். இப்போது இருக்கும் "செயற்கை நுண்ணறிவு கூடாது" என்ற ஒற்றை வரியில் மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன. பெரிதாக்கியதும் கூடாது என்று தீர்மானித்தால் அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும், அதற்குப் போலி என்ற பெயர் வைக்கக்கூடாது.

இறுதிப் பட்டியல் இன்னும் வெளியாகவில்லை என்று அறிகிறேன். மாணவியிடம் அன்றைய விடியலின் ரா கோப்புகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் செய்த திருத்தங்களின் பதிவு என் கடைக் கணினியில் இருக்கிறது. நீங்கள் குறிக்கும் நாளில், குறிக்கும் இடத்துக்கு இருவரும் கொண்டுவருகிறோம். அதே நாளில் முதல் பத்து இடங்களுக்குப் பரிசீலனையில் உள்ள மற்றவர்களையும் தங்கள் மூலக் கோப்புகளுடன் அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சுக்கடைக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்