அந்த ஒரு ஜோக் மட்டும் வேண்டாமே

கண்ணா,

ஈசூனில் நேற்று ராத்திரி முழுக்க மழை. தூக்கம் வரவில்லை, அதனால் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுவாய். எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா?

உன் அக்கா சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் பையன்களோடு பிராட்டா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாயாம். குரூப் போட்டோ எடுக்கும்போதெல்லாம் அந்தச் செங்காங் பையன் "ஸ்மைல் லா, கேன்னாட் சீ யூ" என்கிறானாம், எல்லோரும் சிரிக்கிறார்களாம், நீயும் சிரிக்கிறாயாம். இப்போது அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராகவும் செய்துவிட்டார்களாம். சிங்கப்பூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில், நம் நிறத்தை வைத்துச் சொல்லும் இந்த ஜோக்கைக் கேட்காதவர்கள் குறைவு. ஜூலை 21 இன நல்லிணக்க நாளில் உனக்குச் சட்டை தேடி நான் தேக்கா முழுக்க அலைந்திருக்கிறேன். அன்றைக்கு எல்லாரும் எல்லார் உடையையும் போட்டுக்கொண்டீர்கள், சந்தோஷம். நண்பனே இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று யாரும் ஒரு வரி சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் கற்றுக்கொண்டது கெட்ட வழியில். 1996-இல் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவள் என்னோடு சாப்பாடு பகிர்ந்துகொள்பவள், நல்ல தோழி. விளக்கு மங்கினால் போதும், இதே ஜோக்கை என்மீது விடுவாள். இரண்டு வருஷம் சிரித்தேன். ஒரு சீனப் புத்தாண்டு விருந்தில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் மறுபடியும் அதைச் சொல்ல, நான் வெடித்துவிட்டேன். அவள் அழுதாள். மேசை முழுக்க என்னைத்தான் பார்த்தது. இரண்டு வருஷம் சிரித்தவள் திடீரென்று கத்தினால் யாருக்கு என்ன புரியும்? தவறு அவளுடையது, கெட்ட பெயர் எனக்கு.

அதற்கப்புறம்தான் வரிசையின் கடைசியில் இருந்த ஒரு வயதான மலாய் அம்மாவைக் கவனித்தேன், மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் யாராவது எல்லை மீறிக் கிண்டல் செய்வார்கள். அவர் அவர்கள் கையை லேசாகத் தட்டி, "ஜாங்கான்லா" என்பார். அவ்வளவுதான். உடனே "சாப்பிட்டியா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். "ஜாங்கான்" என்றால் "செய்யாதே". அதோடு ஒரு "லா" ஒட்டினால் அதட்டல் கெஞ்சலாகிவிடுகிறது. அந்தச் சின்ன ஒட்டு செய்யும் வேலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம் மொழியிலும் அது இருக்கிறது, நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். "விடு" என்றால் கட்டளை. "விட்டுடேன்" என்றால் கேட்டுக்கொள்வது. "வேண்டாம்" என்றால் கதவை மூடுவது, "வேண்டாமே" என்றால் பாதி திறந்து வைத்துச் சொல்வது. உங்கள் கூட்டத்தில் இருக்கும் அந்தத் தெம்பனிஸ் தமிழ்ப் பையன் உன்னைக் "கறுப்பா" என்று கூப்பிடுகிறானே, அவனிடம் "டேய், அதை மட்டும் விட்டுடேன்" என்று சொல்லிப் பார். "மட்டும்" என்ற சொல்லை மறக்காதே. அது இருந்தால்தான், உன் கிண்டல் எல்லாவற்றுக்கும் நான் எதிரி இல்லை, இந்த ஒன்றுக்குத்தான் என்று அவனுக்குப் புரியும். "நாமளே சொல்லிக்கிறதுதானேடா" என்பான், பார். "நீ சொல்றதைக் கேட்டுத்தான்டா அவனும் சொல்றான்" என்று சிரித்தபடியே சொல். அதற்கு அவனிடம் பதில் இருக்காது.

இன்னொன்று. "நீ என்னைக் கஷ்டப்படுத்துற" என்று சொன்னால், உடனே எதிராளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிடுவான். "எனக்கு அது ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பார். அந்த வாக்கியத்தில் குற்றவாளி யாரும் இல்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிருகிறது என்பது போல, எனக்கு நடப்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அதோடு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

செங்காங் பையனிடம் நீ தமிழில் பேச முடியாது, தெரியும். சிங்லிஷில்தான் சொல்வாய். அங்கே "லா" எப்போதும் கெஞ்சலாகிவிடாது, "லா"வும் "லே"யும் ஒன்றில்லை. அந்த நேரத்து எரிச்சலில் "டோன்ட் லைக் தட் லா" என்று சொன்னால் அடித்துச் சொல்வது போல விழும். "தட் ஒன் நாட் நைஸ் லே" என்று இழுத்துச் சொன்னால், நீயே சொல்லு என்று அவனிடமே கேட்பது போல இருக்கும். முதல் தடவை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். "தட் ஒன் சியன் ஆல்ரெடி லா, நியூ ஒன் ப்ளீஸ்" என்றால் எல்லோரும் சிரிப்பார்கள், உன் பக்கம் நின்று சிரிப்பார்கள். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. ஜோக் பழசாகிவிட்டது என்றுதான் நீ சொல்கிறாய், வலிக்கிறது என்று சொல்லவில்லை. குறிப்பறிந்தவன் அதோடு நிறுத்துவான். அறியாதவன் அடுத்த வாரம் புதுசாக ஒன்று யோசித்துக்கொண்டு வருவான், அதுவும் நிறத்தைப் பற்றித்தான் இருக்கும்.

அதனால் தனியாகவும் ஒருமுறை சொல்ல வேண்டும். கடையில் வேண்டாம், எல்லோர் முன்னாலும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு நடக்கிறீர்களே, அப்போது அவனோடு ஒட்டி நடந்தபடி சொல். முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொன்னால் விசாரணை போல இருக்கும். பக்கத்தில் நடந்தால் இருவரும் ரோட்டைப் பார்க்கலாம். எப்படிச் சொல்வது என்று கேட்பாய். நான் தமிழில் யோசித்து வைத்திருக்கிறேன், உன் வாய்க்கு ஏற்றபடி சிங்லிஷில் மாற்றிக்கொள்:

"ஒண்ணு சொல்லணும், பெரிய விஷயம் இல்ல. போட்டோ எடுக்கும்போது சொல்றியே, அந்தத் 'தெரிய மாட்ட' ஜோக், அது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. மத்தபடி என் ஷூ சைஸைக் கிண்டல் பண்ணு, நான் சமைக்கிற மேகியைக் கிண்டல் பண்ணு. இதை மட்டும் விட்டுடுவோமா?"

சொல்லி முடித்த அடுத்த மூச்சில், "நாளைக்கு லேப் எத்தனை மணிக்கு?" என்று கேள். மக்சிக் "சாப்பிட்டியா?" என்று கேட்டாரே, அதேதான் இது. நாம் இன்னும் நண்பர்கள்தான் என்று அந்தக் கேள்வி சொல்லிவிடும். அவனுக்கும் சங்கடத்திலிருந்து இறங்க ஒரு படி கிடைக்கும். "பெரிய விஷயம் இல்ல" என்பதை மட்டும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாதே. இரண்டாவது தடவை சொன்னால் நம்பிவிடுவான்.

பொதுவாக வரும் பதில், "ஜோக்குதானேடா, ஏன் சீரியஸ் ஆகுற?" இதற்கு நீ விளக்கம் சொல்லப் போனால் வாக்குவாதம்தான். "ஜோக்குன்னு தெரியும். அதனாலதான் நானும் கூலா சொல்றேன்" என்று சொல்லி நிறுத்திவிடு. சில பையன்கள் உடனே "சாரி டா" என்பார்கள். அங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறோம். வாய் தானாகவே "பரவாயில்லடா" என்று சொல்லிவிடுகிறது. கேட்பவனுக்கு அது, சொன்னாலும் பரவாயில்லை என்று காதில் விழும். "தேங்க்ஸ் டா, புரிஞ்சுக்கிட்டியே" என்று சொல்லிப் பார், சொன்னது சொன்னபடி நிற்கும்.

பதிலுக்கு அவன் கண்ணைப் பற்றியோ அவன் இங்கிலீஷைப் பற்றியோ ஒரு ஜோக் விட்டுக் கணக்கைத் தீர்க்கலாமே என்று உனக்குத் தோன்றும். உன் மாமா அப்படித்தான் செய்வார், மேசை அதிரும். அன்றைக்கு ஜெயிப்பாய். ஆனால் அதோடு அது இருவர் விளையாட்டாகிவிடும். அடுத்த வாரம் உனக்கு வலிக்கிறது என்று சொன்னால் "நீயும்தானே சொன்ன" என்பார்கள். அவன் கண் உன்னை என்ன செய்தது, பாவம்.

ஸ்டிக்கர் விஷயம் வேறு. எழுத்தில் முகம் தெரியாது, "லே"யும் கேட்காது. குரூப்பில் நீளமாக எழுதினால் ஆறு பேரும் ஒவ்வொரு பக்கம் நின்று பேசுவார்கள். அதைச் செய்தவனுக்கு மட்டும் தனியாக ஒரே வரி எழுது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேண்டாம்: "அந்த ஸ்டிக்கர் மட்டும் இனிமே வேண்டாமே ப்ரோ. பிராட்டா போட்டோ சூப்பர், அதை அனுப்பு." மற்றவர்கள் போனில் ஏற்கெனவே சேமித்ததை உன்னால் அழிக்க முடியாது. ஆனால் அவன் போடுவதை நிறுத்தினால் மற்றவர்களும் கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். கோபத்தில் சொல்லாமல் குரூப்பைவிட்டு மட்டும் வெளியேறிவிடாதே. அதையும் ஒரு ஜோக்காக்கிவிடுவார்கள்.

இதெல்லாம் வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? யாரோ போனைத் தூக்குவார்கள், அவன் "ஸ்மைல்..." என்று ஆரம்பித்து, உன்னைப் பார்த்து, பாதியில் விழுங்குவான். அப்போது நீ கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பழக்க தோஷத்தில் ஒருமுறை தவறிச் சொன்னாலும் மன்னித்துவிடு, "ஹே" என்று ஒரு பார்வை போதும். வேண்டுமென்றே மூன்றாவது தடவை சொன்னால், சிரிக்காதே. "நான் நிஜமாத்தான் சொன்னேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. மேசை அமைதியாகும். ஆகட்டும். அந்த அமைதியை உண்டாக்கியது நீ இல்லை. என் தோழியிடம் நான் முதல் மாதமே மெதுவாகச் சொல்லியிருந்தால், இன்றைக்கும் தீபாவளிக்கு அவள் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பாள்.

சனிக்கிழமை வருவாய்தானே? போன தடவை கொண்டுபோன முறுக்கு டின்னைத் திருப்பிக் கொண்டு வா. இந்த முறை பெரிய டின்னில் போட்டுத் தருகிறேன். அந்தச் செங்காங் பையனுக்குக் காரம் ஆகுமா என்று கேட்டுச் சொல்.

அம்மா