முதலாம் ஆண்டுப் பெற்றோருக்கு: மாதக் கட்டணத்திற்கு அப்பால் ஆகும் செலவு

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கவிருக்கும் பெற்றோர் பலர் இந்த மாதம் என்னை வந்து பார்த்தார்கள். அவர்களுள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தந்தை, பழக்குலை எடை போட்ட சீட்டின் பின்புறத்தில் இரண்டு எண்களை எழுதி வந்திருந்தார். பெரிய பட்டணத்தில் உள்ள இரண்டு தனியார் பள்ளிகளின் மாதக் கட்டணம் அது: ஒன்றில் 320 ரிங்கிட், மற்றொன்றில் 260 ரிங்கிட். "இரண்டாவது பள்ளி மலிவு, உங்கள் பள்ளியோ இலவசம், எதில் சேர்ப்பது சார்?" என்று கேட்டார். அந்தச் சீட்டில் இல்லாத எண்களைப் பற்றித்தான் இக்கடிதம். எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் உரிமை; ஆனால் ஒப்பிடுவதாக இருந்தால் முழுச் செலவையும் வைத்து ஒப்பிட வேண்டும்.

முதலில் நம் பள்ளியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் பெறப்பட்டு வந்த 24.50 ரிங்கிட் கட்டணம் 2012 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் குடும்ப வருமானத்தைப் பாராமல் எல்லா மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகையால் படிப்பிற்கும் பாடநூலுக்கும் நீங்கள் பணம் கட்டுவதில்லை. அதற்காகச் செலவே இல்லை என்று பொருளாகாது. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு நம் பள்ளியில் ஏறத்தாழ இவ்வளவு ஆகிறது: பஸ் மாதம் 90 ரிங்கிட் வீதம் பதினொரு மாதத்திற்கு 990, பயிற்சி நூல்கள் 130, சீருடையும் கருப்புக் காலணியும் 140, விளையாட்டுப் போட்டி, சுற்றுலா போன்ற நடவடிக்கைகளுக்கு 60, பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை குடும்பத்திற்கு 50. மொத்தம் 1,370 ரிங்கிட். அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் வழங்கி வரும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவியைக் கழித்தால் 1,220 மிஞ்சும். சங்கத்திற்குக் கொடுப்பது நன்கொடைதான்; அதைக் கட்டாத காரணத்திற்காக எந்தப் பிள்ளையின் சேர்க்கையும் நிறுத்தப்படாது என்பதை உறுதியாகக் கூறுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நாங்கள் அனுப்பிய செலவுத் தாளில், நான்காம் ஆண்டில் புறப்பாட நடவடிக்கைக்காக வாங்க வேண்டிய சாரணர் சீருடை விடுபட்டுப் போயிற்று. ஜனவரியில் பள்ளிப்பையும் காலணியும் வாங்கி முடித்திருந்த குடும்பங்களுக்கு அது திடீர்ச் செலவாக வந்து விழுந்தது, அதற்காக வருந்துகிறேன். ஒரு பள்ளியின் கட்டணத் தாளைப் படிக்கும்போது, அதில் எழுதியிருப்பதைக் காட்டிலும் எழுதாமல் விட்டதைத் தேடிப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இனி அந்தத் தந்தையின் கணக்கிற்கு வருவோம். இரு பள்ளிகளின் தாள்களையும் வாங்கி வரச் சொல்லி, அலுவலகத்தில் அவரோடு அமர்ந்து ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டோம். மாதம் 320 கேட்ட பள்ளியில் ஆண்டுக் கட்டணம் 250. புத்தகங்கள் மாதக் கட்டணத்திலேயே அடங்கிவிட்டன. சாதாரண வெள்ளைச் சட்டையை எந்தக் கடையிலும் வாங்கி, சட்டைப் பையில் பள்ளிச் சின்னத்தைத் தைத்துக்கொள்ளலாம். சீருடைக்கு 120 போதும். நடவடிக்கைக்கு 100. பஸ் மாதம் 130, பதினொரு மாதத்திற்கு 1,430. மாதம் 260 கேட்ட பள்ளியிலோ ஆண்டுக் கட்டணம் 450, புத்தகம் 420, சீருடை 290, நீச்சல் முதலான நடவடிக்கைகளுக்கு ஆண்டில் மூன்று முறை நூறு நூறாக 300, பஸ் மாதம் 150 வீதம் பன்னிரண்டு மாதத்திற்கு 1,800. பன்னிரண்டு மாதக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டினால் முதல் பள்ளிக்கு 5,740 ரிங்கிட், இரண்டாவது பள்ளிக்கு 6,380 ரிங்கிட். மலிவாகத் தெரிந்த பள்ளிக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட் கூடுதல். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டலை மறுபடியும் செய்யச் சொன்னார். விடை மாறவில்லை.

சேரும்போது ஒரே ஒரு முறை கட்டும் பதிவுக் கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளை ஆறாண்டும் அங்கேயே படிக்கும் என்றால் அதை ஆறால் வகுத்து ஓராண்டுப் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பித் தருவதாகச் சொல்லும் முன்பணம் செலவில் சேராது. ஆனால் பள்ளியை விட்டு விலகுவதை எத்தனை மாதத்திற்கு முன் எழுத்தில் தெரிவித்தால் அது கைக்கு வரும் என்பதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சீருடையில் நூறு இருநூறு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே விளங்கும். சின்னம் துணியிலேயே பின்னப்பட்டிருந்தால் அந்தச் சட்டை அந்தப் பள்ளியில் மட்டுமே கிடைக்கும். வேறு பள்ளிக்குப் போகும் தம்பிக்கு அது உதவாது. தனியாகத் தைக்கும் சின்னம் என்றால், சட்டை சிறுத்துப்போகும்போது சின்னத்தைப் பிரித்து அடுத்த சட்டையில் தைத்துவிடலாம்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பஸ் கட்டணம். நம் பள்ளியின் 1,370 ரிங்கிட்டில் 990 பஸ்ஸுக்கே போகிறது. தோட்டத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு எந்தப் பள்ளியானாலும் பஸ் ஒரு பெரிய செலவுதான், ஏனெனில் தூரம் குறைவதில்லை. பஸ் உரிமையாளரோடு பேசி முடிப்பது நீங்கள்தான், பள்ளி அன்று. ஆகவே கேட்க வேண்டியதையும் நீங்களே கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டிறுதி விடுமுறைக்கும் கட்டணம் உண்டா? பஸ் வீட்டு வாசலுக்கு வருமா, தோட்டத்து நுழைவாயிலோடு நின்றுவிடுமா? புறப்பாட நடவடிக்கை நாளில் பிற்பகல் திரும்பும் பயணம் மாதக் கட்டணத்தில் அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா? அண்ணன் தங்கைக்குக் கழிவு உண்டா? கடைசிக் கேள்வியாக, வண்டிக்குப் பள்ளிப் பஸ் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தீபகற்ப மலேசியாவில் அந்த உரிமத்தை வழங்குவது தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். உரிமமில்லாத 'சாப்பு' வேன் மாதம் இருபது முப்பது ரிங்கிட் குறைவாகக் கேட்கலாம். ஆனால் சொந்தப் பயன்பாட்டிற்கென எடுத்த வாகனக் காப்புறுதி, கூலிக்கு ஆளேற்றும் பயணத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. அந்தக் குறைந்த விலையை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்துடன் நம் பள்ளியின் செலவுத் தாளை இணைத்துள்ளேன். சாரணர் சீருடையும் ஆறாம் ஆண்டு பட்டமளிப்பு விழாச் செலவும் இம்முறை அதில் இடம்பெற்றுள்ளன. வேறு பள்ளிகளின் தாள்கள் உங்களிடம் இருந்தால் எந்த நாளும் பள்ளி முடிந்தபின் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். அந்தத் தந்தையோடு செய்ததைப் போலவே உங்களோடும் அமர்ந்து கணக்கிடுவோம்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்