170 ரூபாய் அதிகமாக இருக்கிறது என்ற பேரனுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

தாத்தா எழுதுகிறேன். விடுதி மெஸ் கணக்கை இந்த மாதம் நீ பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நீ அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படமும் வந்தது. வசூல் 1,35,000, செலவு 1,20,965, ஆக மிச்சம் 14,035 இருக்க வேண்டும், ஆனால் கையிலும் வங்கியிலும் சேர்ந்து 14,205 இருக்கிறது என்று எழுதியிருந்தாய். "170 ரூபாய் அதிகமாகத்தானே இருக்கிறது, குறையவில்லையே தாத்தா" என்று போனில் சொன்னாய். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். அதிகம் இருந்தாலும் குறைவு இருந்தாலும் கணக்கில் தவறு தவறுதான். டிவைடிங் சிஸ்டத்தில் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துத்தானே பில் போடுவீர்கள்? செலவைக் கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் காசு பிள்ளைகளுடையது. கொடுக்க வேண்டிய பணம் கொடுக்கப்படாமல் இருந்தால் அது கடைக்காரருடையது.

170 எங்கே என்று நேராகத் தேடப் போகாதே. நானும் தேடவில்லை. முதலில் உன் கூட்டல் சரிதானா என்று பார்த்தேன். நீ ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழே கூட்டி, அந்த நான்கு கூட்டுத்தொகையையும் சேர்த்து மொத்தம் போட்டிருக்கிறாய். வலது பக்கம் வாரத்துக்கு ஒரு மொத்தம் போடவில்லை. அதை நான் போட்டேன். கீழ் வரிசை நீ எழுதியது, வலது ஓரம் நான் எழுதியது:

| வாரம் | மளிகை | காய்கறி | பால் | கேஸ் | வார மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 1 | 18,450 | 6,275 | 4,380 | 5,460 | 34,565 |
| 2 | 12,680 | 6,840 | 4,410 | 3,640 | 27,570 |
| 3 | 15,925 | 7,130 | 4,295 | 5,460 | 32,810 |
| 4 | 11,370 | 6,590 | 4,520 | 3,640 | 26,120 |
| கூட்டல் | 58,425 | 26,735 | 17,605 | 18,200 | |

கீழ் வரிசையைக் குறுக்கே கூட்டினால் 1,20,965 வருகிறது. வலது ஓரத்தைக் கீழ்நோக்கிக் கூட்டினால் 1,21,065. பதினாறு எண்களும் அதேதான். எந்த வழியாகப் போனாலும் ஒரே தொகைதான் வர வேண்டும். 100 ரூபாய் வித்தியாசம் வருகிறது என்றால், எங்கோ ஒரு கூட்டல் தவறு.

வித்தியாசம் 100, 1,000 என்று ஒன்றும் சைபருமாக முழுசாக வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கையில் வைத்த எண்ணை. அதாவது ஒரு இடத்தைக் கூட்டி, அடுத்த இடத்துக்கு எடுத்துப் போகிறோமே, அது. 100 என்றால் பத்தாம் இடத்திலிருந்து நூறாம் இடத்துக்குப் போனபோது ஒன்று குறைந்திருக்கும் அல்லது கூடியிருக்கும். அதனால் ஒவ்வொரு பத்தியிலும் பத்தாம் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். காய்கறியில் மாட்டியது. 7, 4, 3, 9. கூட்டினால் 23. மூன்றை எழுதி, கையில் இரண்டு. நீ மூன்றைச் சரியாக எழுதிவிட்டு, ஒன்றைத்தான் எடுத்துப் போயிருக்கிறாய். 26,735 இல்லை, 26,835.

இதை நீ இரண்டாவது தடவை கூட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை என்றாய். மேலிருந்து கீழேயே மறுபடியும் கூட்டியிருப்பாய். அப்படிச் செய்தால் முதல் தடவை எங்கே தடுக்கியதோ அங்கேயேதான் மனசு மறுபடியும் தடுக்கும். ஏழும் நாலும் பதினொன்று, மூன்று பதினாலு, ஒன்பது இருபத்திமூன்று என்று அதே வரிசையில் வாய் சொல்லிக்கொண்டே போகும். கீழிருந்து மேலே போனால் ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு, நாலு பதினாறு, ஏழு இருபத்திமூன்று. நடுவில் வருகிற தொகை எல்லாமே வேறு. போகிற பாதை வேறாகிவிட்டதால் பழைய தடுக்கல் அப்படியே திரும்பி வருவது அபூர்வம். இன்னொன்று, பத்தியின் தலைக்கு மேலே பென்சிலால் சின்னதாக 1, 2 என்று எழுதி வைத்திருக்கிறாய் பார், கீழிருந்து கூட்டும்போது அதை நம்பக்கூடாது. அதில் தவறு இருந்தால் இரண்டாவது கூட்டலிலும் அதே தவறு ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் நீளமான பத்திகளுக்கு வேறு மாதிரி செய்வோம். கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு இடத்தின் கூட்டலையும் தனித்தாளில் முழுசாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு இடம் இடதுபக்கம் தள்ளிப் போடுவோம். காய்கறிப் பத்திக்கு இப்படி வரும்:

```
    5
  23
 16
25
-----
26835
```

கடைசியில் மட்டும் ஒரு கூட்டல். நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தாலும் எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியும்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1984-ல், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அலுவலகத்தில் நாற்பத்திரண்டு பேருக்குச் சம்பளப் பட்டியல் நான் போட வேண்டும். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி என்று பத்திகள், ஆளுக்கு ஒரு வரி. மாலை ஆறு மணிக்கு மேல் நெடுக்கும் குறுக்கும் 10 ரூபாய் இடித்தது. கீழ்க்கூட்டல் பத்து ரூபாய் அதிகம். மூன்று தடவை பார்த்தேன், கிடைக்கவில்லை. பத்து ரூபாய்தானே என்று பஞ்சப்படியின் கூட்டுத்தொகையில் பத்தைக் குறைத்து எழுதி ஒப்பேற்றிவிட்டேன். பட்டியல் இப்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போனது.

மறுநாள் எங்கள் சூப்பரின்டென்ட் என் கூட்டுத்தொகைகள் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டு, கீழிருந்து கூட்டத் தொடங்கினார். பஞ்சப்படியில் நான் குறைத்த பத்து முதலில் வெளியே வந்தது. அப்புறம் அடிப்படைச் சம்பளப் பத்தியில் 100 அதிகம். அது கையில் வைத்த எண்ணில் வந்த தவறு. அதோடு நிற்கவில்லை. ஒருவருடைய வரியில் 1,450 என்று வர வேண்டிய மொத்தத்தை 1,540 என்று எழுதியிருந்தேன். அதில் 90 அதிகம். கீழே 100 கூடியது, வலது ஓரத்தில் 90 கூடியது, இரண்டும் ஒன்றையொன்று தின்று வெளியே தெரிந்தது வெறும் பத்து. அவர் பார்க்காமல் போயிருந்தால் ஒருவருக்கு 90 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். அன்றைக்கு எனக்கு முகம் வெளிறிப் போனது இன்னும் நினைவிருக்கிறது. வித்தியாசம் சிறியது என்பதால் தவறும் சிறியது என்று அதற்குப் பிறகு நான் ஒருநாளும் எண்ணவில்லை. ஒத்துப்போக வைப்பதற்காக ஒரு எண்ணைத் தொட்டதும் இல்லை.

அடுத்த மாதம் லேப்டாப்பில் போட்டுக்கொள்கிறேன் என்றாய். போடு, நல்லதுதான். கையில் வைத்த எண்ணில் வரும் தவறு அதில் வராது. ஆனாலும் இரண்டு பக்கமும் கூட்டு. B முதல் E வரை செலவு, F-ல் வார மொத்தம், 6-வது வரியில் கூட்டல் என்று வைத்தால், ஓரத்தில் இதைப் போடு:

```
=SUM(B6:E6)-SUM(F2:F5)
```

0 வர வேண்டும். ஒரு பத்தியில் மட்டும் சூத்திரத்தின் எல்லை தவறிப் போயிருந்தாலோ, யாராவது சூத்திரத்தின் மேலேயே எண்ணைத் தட்டிவிட்டிருந்தாலோ இது காட்டிக்கொடுக்கும்.

இது காட்டாத இடமும் உண்டு, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாவது வாரத்துக்காகக் கீழே ஒரு வரி சேர்க்கிறாய் என்று வை. சூத்திரத்தின் எல்லை சில நேரம் தானாக விரியும், சில நேரம் விரியாது. விரியாவிட்டால் எல்லாப் பத்தியிலும் அதே வரி விட்டுப்போகும், வலது ஓரத்திலும் விட்டுப்போகும். இரண்டு பக்கமும் ஒரே தவறு, ஆகையால் 0-தான் வரும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய எண், எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்துவிட்டாலும் இதே கதிதான். SUM அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டு வழியிலும் தாண்டிப் போய்விடும். அப்படிப்பட்ட எண் வழக்கமாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், மற்றவை வலது ஓரத்தில் இருக்கும். இரண்டாவது வழி முதல் வழியின் தவறைக் கடன் வாங்காமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. சூப்பரின்டென்ட் தாளை வைத்து மறைத்ததும் அதற்குத்தான்.

சரி, உன் கணக்குக்கு வருகிறேன். செலவு 1,21,065 என்று திருத்தினால் மிச்சம் 13,935. இருப்பது 14,205. இப்போது அதிகம் 170 இல்லை, 270. கூடிவிட்டதே என்று பயப்படாதே. 170 உன் இரண்டு தவறுகள் கலந்த தொகை, அதற்கு எந்த அடையாளமும் இல்லை. 270-க்கு அடையாளம் இருக்கிறது, அது ஒன்பதால் வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறினால், அந்த இலக்கங்களின் வித்தியாசத்தைத் தொண்ணூறால் பெருக்கிய தொகை வரும். 270 என்றால் மூன்று தொண்ணூறு. அப்படியானால் மூன்று வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்.

இதை நெடுக்குக் குறுக்குக் கூட்டல் பிடிக்காது. பில்லிலிருந்து எழுதும்போதே மாறிப்போன எண், எந்தப் பக்கம் கூட்டினாலும் மாறிப்போன எண்தான். கையிருப்புதான் அதைச் சொல்கிறது. கையில் பணம் அதிகம் என்றால் செலவைக் கூடுதலாக எழுதியிருக்கிறாய், ஆகவே பெரிய இலக்கம் முன்னே வந்திருக்க வேண்டும். உன் பதினாறு எண்களையும் பார்த்தேன். நூறாம் இடம் பத்தாம் இடத்தைவிட மூன்று கூட இருப்பது இரண்டே இரண்டு. இரண்டாம் வாரத்துப் பால் 4,410, நான்காம் வாரத்துப் பால் 4,520.

அந்த இரண்டு வாரத்துப் பால் பில்லையும் எடுத்துப் பார். ஒன்றில் 4,140 என்றோ மற்றதில் 4,250 என்றோ இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டும் நீ எழுதியபடியே இருந்தால், 270-க்கு யாருக்காவது பணம் கொடுக்காமல் செலவு எழுதியிருக்கிறாயா, வசூலில் ஏதாவது எழுதாமல் விட்டாயா என்று பார். அப்போது எல்லாப் பில்லையும் ஒவ்வொன்றாக நோட்டோடு ஒத்துப் பார்த்து டிக் போட வேண்டியதுதான். அதற்குள் எந்த எண்ணையும் திருத்தாதே. பார்த்துவிட்டு ராத்திரி போன் பண்ணு, பத்து மணி வரைக்கும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
தாத்தா