விருப்பப் பட்டியலை நிரப்பும் முன்: பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை, எங்கள் பகுதிப் பிள்ளைகள் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உதவி செய்துவருகிறேன். அந்த மாதங்களில் பல வீடுகளில் ஒரே வாக்குவாதத்தைக் கேட்கிறேன். "இன்ஜினியரிங் சேர்" என்கிறார் அப்பா. பிள்ளை வேறு ஒன்றைச் சொல்கிறது. குரல்கள் உயர்கின்றன, பிறகு பேச்சே நின்றுபோகிறது. கடைசியில் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பத் தரப்படும் அந்தச் சில நாட்களில், யாரோ ஒருவர் அவசரமாக முடிவெடுத்துவிடுகிறார். இந்த மடலை எழுதக் காரணம் அதுதான். அந்த நாட்களுக்கு முன்பே நீங்களும் பிள்ளையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முடிவு வருவதற்கு முன்பே, மார்ச், ஏப்ரலில், "இடத்தைப் பிடித்து வைக்க" என்று எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். கட்டிய பிறகு வீட்டில் நடப்பது பேச்சுவார்த்தையாக இருக்காது. "ஐம்பதாயிரம் கட்டியாகிவிட்டது" என்ற ஒரு வரிக்கு முன்னால் எந்தப் பிள்ளையாலும் வாய் திறக்க முடியாது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு நடைமுறைச் செலவு போக முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். நாள் செல்லச் செல்ல அந்தப் பங்கு குறையும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது.

இனி ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார், அம்மா தையல் வேலை செய்கிறார். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவள். கணிதத்தில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 78. பொறியியலுக்குக் கணிதம் நூற்றுக்கும் மற்ற இரண்டும் ஐம்பது ஐம்பதுக்கும் கணக்கிடப்படுவதால், 88, 41, 39 சேர்ந்து அவளுடைய கட் ஆஃப் 168. அவள் பி.எஸ்சி. புள்ளியியல் படிக்க விரும்பினாள். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங். எந்தக் கல்லூரியானாலும் சரி.

அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டீச்சர், எங்கள் வகையறாவில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை. மூன்று வருடம் டிகிரி படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். நாலு வருடத்தில் இவள் சம்பாதித்தால், தம்பியை இவள் பார்த்துக்கொள்வாள்." இதில் வறட்டுப் பிடிவாதம் எங்கே இருக்கிறது? பயமும் கணக்கும் மகளைப் பற்றிய பெருமிதமும்தான் இருக்கின்றன. அம்மாவின் கவலை வேறு. புள்ளியியலுக்கு மகள் தேர்ந்தெடுத்திருந்தது சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே எங்கே தங்குவாள்? மேல்படிப்பும் படித்தால் ஐந்து வருடம், அதற்குள் உறவினர்கள் என்ன பேசுவார்கள்?

மகளிடம் நான் சொன்னேன்: "பிடிக்கும் என்று மட்டும் சொன்னால் அப்பாவுக்கு அது பதில் ஆகாது. அவர் பயத்துக்குப் பதில் கொண்டு வா." ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். பி.எஸ்சி.யோடு நின்றால் தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். அந்த நேர்மைதான் அப்பாவை உட்கார்ந்து கேட்க வைத்தது என்று நினைக்கிறேன். அடுத்து, எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் என்று தனித் தாளே இருக்கிறது. அதை எழுதுவேன், கிடைக்காவிட்டால் இங்குள்ள பல்கலைக்கழகங்கள். புள்ளியியல் படித்தவர்களுக்கென்று யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி.யிலும் புள்ளியியல் சார்நிலைப் பணிகள் இருக்கின்றன. எதுவும் அமையாவிட்டால், எந்தப் பட்டமும் போதும் என்கிற குரூப் தேர்வுகளை இந்த வயதிற்குள் எழுதிவிடுவேன் என்று வயதையும் குறித்திருந்தாள்.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். அவர் மனதில் வைத்திருந்த பக்கத்து ஊர்க் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கச் சொன்னேன். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பிறகும் தன்கீழ் உள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தை வெளியிடுகிறது. பேருந்துக்குப் பின்னால் இருக்கும் விளம்பரத்தைவிட நம்பத்தக்க தகவல் அது. அந்தக் கல்லூரியில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. அரியர் வைத்த பிள்ளையை வளாகத் தேர்வுக்கு வரும் பெரும்பாலான நிறுவனங்கள் உள்ளே விடுவதில்லை என்பது அவருக்கு அதுவரை தெரியாது. பிறகு செலவைப் பார்த்தோம். சுயநிதிக் கல்லூரியின் கலந்தாய்வு இடத்துக்கு 2017இல் நிர்ணயித்த கட்டணமே ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. நாலு வருடத்துக்கு இரண்டு லட்சமாவது ஆகும். முதல் பட்டதாரிச் சலுகை அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். பஸ், விடுதி, மற்ற செலவுகளைக் குறைக்காது. மீதிக்குக் கல்விக் கடன் வாங்கினால், படிப்பு முடிந்து ஓர் ஆண்டுவரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். தம்பி அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தான். அக்காவின் கடைசி இரண்டு ஆண்டுகளும் அவனுடைய கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளும் ஒன்றாக வரும். அரசுக் கலைக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணமோ சில ஆயிரங்களில் முடிந்துவிடுகிறது.

(ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அந்த வீடுகளில் பணத்தை ஒதுக்கிவிட்டு, பிள்ளையின் விருப்பத்தையும் கல்லூரியின் தரத்தையும் மட்டும் பேசினால் போதும்.)

இவ்வளவு பார்த்த பிறகும் அப்பா பொறியியலை விடவில்லை. விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. நல்ல கல்லூரியில் கிடைத்தால் அது நல்ல படிப்புதான். "எந்தக் கல்லூரியானாலும் சரி" என்பதை மட்டும் விட்டார். சென்ற ஆண்டு அவர்கள் வகுப்புப் பிரிவுக்கு எந்தக் கல்லூரியில், எந்தப் பாடம், எந்த கட் ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலை மூவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். அரசுக் கல்லூரிகள், அரசு உதவிபெறும் கல்லூரிகள், தேர்ச்சி விகிதம் நன்றாக இருந்த சில தனியார் கல்லூரிகள் என்று ஒன்பது இடங்களை எழுதினார்கள். இந்த ஒன்பதில் ஒன்று கிடைத்தால் மகள் பொறியியலில் சேர்வாள். "நீங்கள்தான் தள்ளிவிட்டீர்கள்" என்று பிற்காலத்தில் சொல்ல மாட்டாள். கிடைக்காவிட்டால் புள்ளியியல், அப்பா அதை மறுபடி கிளற மாட்டார். விடுதியை நேரில் பார்த்த பிறகே சேர்ப்பேன் என்பது அம்மாவின் நிபந்தனை. மூன்றும் அதே நோட்டில் எழுதப்பட்டன.

இதைச் செயல்படுத்த வழிவிடுவது சேர்க்கைக் கால வரிசைதான். அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் கலந்தாய்வு முதலில் முடிந்துவிடும். பொறியியலின் பொதுக் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்க வேண்டும். மகளுக்கு மாநிலக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அம்மா விடுதியைப் பார்த்தார், சேர்த்தார்கள். சேர்க்கும் முன் எல்லாச் சான்றிதழ்களையும் நகலெடுத்து, ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டார்கள். பொறியியல் கிடைத்து விலகினால், கலைக் கல்லூரிக்குக் கட்டிய அந்தச் சில ஆயிரத்தில் ஒரு பகுதி போகலாம் என்பதும் பேசி வைத்த நட்டம்தான்.

இரண்டாம் சுற்றில் ஒன்பது இடங்களையும் வரிசையாகக் கொடுத்தாள். ஒன்றும் ஒதுக்கீடு ஆகவில்லை. சோதனை அப்போதுதான் வந்தது. மூன்றாம் சுற்றுக்கு வாய்ப்பு இருந்தது. பிரவுசிங் சென்டர் நடத்தும் உறவினர் ஒருவர், "அறுபது கல்லூரி போட்டுவிடலாம், ஏதாவது விழும்" என்றார். பெற்றோர்களே, இந்த இடத்தில் தயவுசெய்து நின்று கேளுங்கள். பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கலந்தாய்வுக் கணினி ஒதுக்கிவிடும். "சும்மா போட்டு வைத்த" ஐம்பத்தெட்டாவது கல்லூரிதான் கையில் வரும். வந்த பிறகு, அதுவும் போய்விடுமே என்ற அச்சத்தில் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. சேர விருப்பமில்லாத ஓர் இடத்தைக்கூடப் பட்டியலில் எழுதக் கூடாது.

ஓ.டி.பி. வரும் தொலைபேசி அப்பாவின் கையில்தான் இருந்தது. மகளுக்குத் தெரியாமல் அவரால் நிரப்பியிருக்க முடியும். சில வீடுகளில் அப்படி நடந்ததை அறிவேன். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், ஆனால் வீட்டில் மனம் விட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இவர் விடுதியில் இருந்த மகளைத் தொலைபேசியில் அழைத்து அவளிடமே கேட்டார். அவள், "இன்னும் இரண்டு சேர்க்கலாம் அப்பா, எவை என்று சேர்ந்து பார்ப்போம்" என்றாள். இரண்டு சேர்த்தார்கள். அவையும் கிடைக்கவில்லை. பேசியபடி அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

அவள் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அப்பாவின் ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் முடித்த யாருக்காவது வேலை கிடைத்த செய்தி வந்தால் அவர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஜாம் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டவர் அவர்தான்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சை மதிப்பெண் வந்த வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். தரவரிசைப் பட்டியல் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போது தொலைபேசி எண் உங்களுடையதாகவும் மின்னஞ்சல் பிள்ளையுடையதாகவும் இருக்கட்டும். கடவுச்சொல்லை இருவரும் குறித்து வையுங்கள். பட்டியலை உறுதி செய்யும் பொத்தானை அழுத்தும் நேரத்தில், இருவரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்திருங்கள். பிள்ளை வெளியூரில் இருந்தால், அழுத்தும் முன் தொலைபேசியில் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்